160 மீற்றர் தள்ளியுள்ள உலர்த்திக் கொட்டகைக்கு எந்தப் பிறேக்கர்?

பரந்தன் பக்கத்து அரிசி ஆலை ஒன்றை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். 33 கிலோவோல்ற் லைனிலிருந்து 400 கேவிஏ ட்ரான்ஸ்போமர், இம்பீடன்ஸ் 4 வீதம். பிரதான போர்ட்டிலிருந்து 160 மீற்றர் தள்ளி நெல் உலர்த்தும் கொட்டகை. அதற்கு 25 சதுர மில்லிமீற்றர் நாலு கோர் செப்புக் கேபிள், கூடவே 16 சதுர எர்த் வயர். இப்போதைய லோட் 60 அம்பியர்தான். ஆனாலும் பின்னால் விரிவாக்க இடம் வேண்டுமென்று 100 அம்பியர் பிறேக்கர் போட முடிவு.

முதலில் பிரதான போர்ட். ட்ரான்ஸ்போமரின் 16 மில்லிஓமோடு 33 கிலோவோல்ற் பக்கத்துக்கு 100 எம்விஏ எடுத்தால் இன்னொரு 1.6 மில்லிஓம் சேரும். அங்கே குறுஞ்சுற்று நேர்ந்தால் ஓடும் மின், அதாவது போல்ற், 13.1 கிலோஅம்பியர். குறுஞ்சுற்று நேரும்போது ஓடிக்கொண்டிருக்கும் மோட்டோர்கள் திருப்பி ஊட்டுவதையும் கூட்டினால் ஏறக்குறைய 14. ஆக 10 கிலோஅம்பியர் வரை மட்டுமே வெட்டக்கூடிய பிறேக்கர் அங்கே ஆகாது. போல்ற்றை வெட்டப்போய் பிறேக்கரே வெடிக்கலாம். 16 போதும். ஆனால் ஆலை வளர்ந்து 630 கேவிஏ ட்ரான்ஸ்போமர் வந்தால் இதே போர்ட்டில் 20 கிலோஅம்பியரைத் தாண்டும். அதனால் நான் 25தான் போடுவேன்.

குறுஞ்சுற்றுக் கணக்கு அறிக்கையின் முதல் பக்கத்திலுள்ள இந்தப் பெரிய எண்ணைப் பார்த்ததும் பலர் மூடி வைத்துவிடுகிறார்கள். கேபிளைக் காப்பது கடைசிப் பக்கத்திலுள்ள சிறிய எண். கொட்டகையின் கடைசிப் பெட்டியில் ஒரு பேஸ் எர்த்தைத் தொட்டால், போகவும் திரும்பவும் சூடான செப்பின் தடை 360 மில்லிஓம். மற்றவற்றையும் கூட்டினால் 380. போல்ற் வெறும் 600 அம்பியர். இந்த 600ஐ எது கண்டுபிடிக்கும் என்பதில்தான் மூன்று வழிகளும் பிரிகின்றன.

முதல் வழி, கடையில் உடனே கிடைக்கும் சாதாரண எம்.சி.சி.பி. வகைப் பிறேக்கர். பெரிய மின் வந்ததும் உடனே வெட்டும் அதன் மக்னெற்றிக் பகுதி பத்து மடங்கில், அதாவது 1000 அம்பியரில் நிரந்தரமாக அமைந்திருக்கும். 20 வீதம் கூடக்குறைய இருக்கலாம் என்பதால் 800 வரை அசையாமல் இருக்கும். 600 அதற்குத் தெரியாது. மிஞ்சுவது வெப்பப் பகுதி, அது பல செக்கன் எடுக்கும். எர்த் வயர் எவ்வளவு நேரம் தாங்கும்? t = (k × S / I)². S வயரின் சதுர மில்லிமீற்றர், I போல்ற் அம்பியர். பிவிசி உறையுள்ள செப்புக்கு k 115, ஆக (115 × 16 / 600)² ஏறக்குறைய 9 செக்கன். வயர் தப்பலாம். ஆனால் சர்வதேச வயரிங் விதியான ஐ.ஈ.சி. 60364 இந்த மாதிரி விநியோகச் சுற்றுக்கு 5 செக்கனுக்கு மேல் விடுவதில்லை. அத்தனை நேரமும் உலர்த்தியின் இரும்பு உடம்பு மின்னேறி நிற்கும், ஈரநெல் கொட்டிக்கொண்டிருப்பவரின் கை அதில் இருக்கலாம்.

இரண்டாவது, கேபிளைத் தடிப்பாக்குவது. பேஸுக்கு 50, எர்த்துக்கு 25 சதுரம் போட்டால் போல்ற் 990 அம்பியர் ஆகும். அந்த எம்.சி.சி.பி. உறுதியாக விழ 1200 வேண்டும். செப்புக்கு இவ்வளவு காசு கொட்டியும் பிரச்சினை தீரவில்லை. வோல்ற்றேஜ் இறக்கத்துக்கு இது நல்ல மருந்து, இந்த நோய்க்கு அல்ல.

மூன்றாவது, இலக்ரோனிக் ட்ரிப் உள்ள எம்.சி.சி.பி. குறுநேரப் பகுதியை 400 அம்பியர், 0.1 செக்கன் தாமதத்தில் வைக்கலாம். கொட்டகையில் பெரியது 15 கிலோவோற் விசிறி மோட்டோர். நேரடியாகத் தொடங்கினால் 200 அம்பியர், மற்ற லோட்டோடு 240. வீணாக விழாது, 600ஐயோ விடாது. விலை அதிகம், ஆனாலும் 50 சதுரக் கேபிளோடு ஒப்பிட்டுக் கேட்டுப் பாருங்கள்.

சாதாரண பிறேக்கரோடு ஒரு எர்த் லீக்கேஜ் ரிலே சேர்த்தால் போதாதா என்று கேட்பார்கள். எர்த் போல்ற்றுக்குப் போதும். எர்த் வயரை ட்ரான்ஸ்போமரின் நியூட்ரல் வரை கொண்டுபோய் இணைக்காமல், நிலத்தில் அடித்த கம்பியை மட்டும் நம்பும் இடத்தில் அது கட்டாயமும்கூட. ஆனால் பேஸும் நியூட்ரலும் உரசினால் வரும் 770 அம்பியர் ரிலேக்குத் தெரியாது; போன மின் முழுக்க நியூட்ரலிலேயே திரும்பிவிடும். அதனால் ரிலேயை மூன்றாவது வழியோடு சேர்ப்பேன், அதற்குப் பதிலாக வைக்கமாட்டேன்.

லைன் போய் 250 கேவிஏ ஜெனரேற்றர் ஓடும் நேரத்தையும் அறிக்கையில் தனியாகக் கேளுங்கள். அது முதல் கணத்தில் 3 கிலோஅம்பியர் தரும், பிறகு ஜெனரேற்றரின் காந்தப்புலத்தைத் தளராமல் ஊட்டும் நிரந்தரக் காந்த எக்சைற்றர் இருந்தால் 1000 அளவில் நிற்கும், இல்லாவிட்டால் அதையும் விடக் கீழே போகும். 630 அம்பியர் பிரதான பிறேக்கரை ஐந்து மடங்கில் வைத்திருந்தால் 3150. ஜெனரேற்றர் போல்ற்றுக்கு அது அசையவே அசையாது. ஜெனரேற்றருக்கு 400 அம்பியர் பிறேக்கர் தனியாக, 800 அம்பியரில் 0.3 செக்கன் தாமதத்தோடு வேண்டும்.

வேலை முடிந்ததும் கொட்டகைப் பெட்டியில், போல்ற் போய்த் திரும்பும் பாதையின் தடையை அளக்கும் லூப் மீற்றரைப் போட்டுப் பாருங்கள். கேபிள் குளிராக இருக்கையில் 0.32 ஓம் அளவில் காட்ட வேண்டும். 0.4ஐத் தாண்டினால் கேபிள் முனையில் ஏதோ ஒரு கிளாண்டோ லக்கோ இறுகவில்லை. அதைப் பிடித்துச் சரிசெய்யும்வரை பிறேக்கரில் வைத்த 400ஐ நம்ப முடியாது.