அம்மா பக்கத்து அப்லோடு: வீடியோ கால் உடையாமல் இருக்க நான் வைத்திருக்கும் அமைப்புகள்

போன மாதம் அம்மாவின் போனில் சார்ஜ் ஏறாமல் போய், ரிப்பேருக்குக் கொடுத்தோம். கடைக்காரர் உள்ளே போர்டை மாற்றி, இருந்ததை எல்லாம் அழித்து, புதுப்போன் போலத் திருப்பிக் கொடுத்துவிட்டார். சார்ஜ் ஏறுகிறது. ஆனால் இரண்டு வருடமாக ஓரளவு ஒழுங்காக வந்துகொண்டிருந்த வீடியோ கால் மறுநாளே உடைய ஆரம்பித்தது. வீடு அதே வீடு, சிம் அதே சிம், டவரும் அதே டவர்தான். போனுக்குள் நான் ஒரு காலத்தில் மாற்றி வைத்திருந்த அமைப்புகள் மட்டும்தான் போயிருந்தன. ஒவ்வொன்றாகத் திரும்பப் போட்டபோது, எது உண்மையிலேயே வேலை செய்கிறது என்று நன்றாகவே தெரிந்துவிட்டது. இங்கே சிங்கப்பூரில் கூட வேலை பார்க்கும் நண்பர் ஒருவருக்கும் இதே தொல்லை. அவர் கேட்டதால் எழுதுகிறேன்.

அம்மா இருப்பது சிவகங்கை மாவட்டத்தில், திருப்பத்தூரிலிருந்து உள்ளே போகும் ஒரு கிராமத்தில். பழைய வீடு, கனமான சுவர். ஊரில் ஃபைபர் இணைப்பு இல்லை, போன் டேட்டாதான். நாங்கள் பேசுவது வாட்ஸ்அப்பில். போன் சாதாரண விலையில் வாங்கிய 5ஜி ஆண்ட்ராய்டு.

உடையும் கால் எப்படி இருக்கும் என்று பலருக்கும் தெரியும். அம்மா வாயைத் திறந்தபடி உறைந்து நிற்பார், குரல் துண்டு துண்டாக வரும், திரையில் `Reconnecting` என்று வரும். நான் "அம்மா, கேக்குதா?" என்று கத்துவேன். அந்தப் பக்கத்திலிருந்து, "உன் மொகம் நல்லாத் தெரியுதுப்பா, நல்லாக் கேக்குது, நீ ஏன் கத்துற?" என்று பதில் வரும். அந்தப் பதிலில்தான் விஷயம் முழுவதும் இருக்கிறது. அம்மாவுக்கு வருவது சரியாக வருகிறது, அங்கிருந்து கிளம்புவதுதான் சிதைகிறது. டவர் பல வாட் சக்தியில் ஒலிபரப்புகிறது. கையில் இருக்கும் 4ஜி போன் உச்சபட்சமாக 0.2 வாட் அளவில்தான் பதில் அனுப்ப முடியும். அதனால் சிக்னல் மெலிந்த இடத்தில் முதலில் சாவது அப்லோடு. அம்மாவுக்கு யூடியூப் தடங்கலில்லாமல் ஓடுகிறதே, அப்புறம் ஏன் இது மட்டும் உடைகிறது என்ற கேள்விக்கும் இதுதான் பதில். யூடியூப் கீழே இறங்குவது மட்டும். வீடியோ காலுக்கு மேலே ஏறவும் வேண்டும்.

உங்கள் வீட்டில் எந்தப் பக்கம் கோளாறு என்று பார்க்க எந்த ஆப்பும் வேண்டாம். காலின் நடுவில், அம்மாவைக் கேமராவை மட்டும் அணைக்கச் சொல்லுங்கள். குரல் உடனே தெளிந்தால் அவர் பக்கத்து அப்லோடுதான் நெரிகிறது. அவர் அணைத்தும் தெளியாமல், நீங்கள் உங்கள் கேமராவை அணைத்த பிறகு தெளிந்தால், உங்கள் அப்லோடோ அவருடைய டவுன்லோடோ காரணம்.

இனி அமைப்புகள். எங்கள் வீட்டில் அதிகம் பலன் தந்தது வாட்ஸ்அப்பில் `Settings > Storage and data > Use less data for calls`. டேட்டா மிச்சம் பிடிக்க என்று பெயர் இருப்பதால், தினம் ஒன்றரை ஜிபி கிடைக்கிறவர்கள் இதைத் தொடுவதே இல்லை. இங்கே அதன் உண்மையான பயன் வேறு. கால் ஆப்கள் எல்லாமே இணைப்பு எவ்வளவு தாங்கும் என்று கணித்து, அதற்கேற்பப் படத்தின் தரத்தை ஏற்றி இறக்கும். சிக்னல் நிலையாக இருந்தால் இந்தக் கணிப்பு அழகாக வேலை செய்யும். எங்கள் ஊர் சிக்னல் பத்து நொடி நன்றாக இருக்கும், அடுத்த நொடி சரியும். நன்றாக இருக்கும்போது ஆப் தரத்தை ஏற்றிவிடும். சரியும்போது அனுப்பியதில் பாதி போய்ச் சேராது. வீடியோவில் ஒவ்வொரு படமும் முந்தைய படத்திலிருந்து என்ன மாறியது என்பதை மட்டும்தான் அனுப்புகிறது. நடுவில் அதிகமாகத் தொலைந்தால் முழுப்படம் ஒன்றைப் புதிதாக அனுப்ப வேண்டும். அது அளவில் பெரியது. ஏற்கெனவே திணறும் இணைப்பில் அதுவும் தொலையும். உறைந்த முகம் அவ்வளவு நேரம் உறைந்தே இருப்பது இதனால்தான். அந்த அமைப்பைப் போட்டபின் படத்தின் தரம் தாழ்ந்த அளவிலேயே நிற்கிறது, ஏறி விழுவது குறைகிறது.

ஒரு விஷயம் முக்கியம். இதை என் போனில் மட்டும் போட்டபோது நான் பார்த்த படத்தில் பெரிய மாற்றம் இல்லை. அம்மாவின் போனில் போட்ட அன்றைக்கே வித்தியாசம் தெரிந்தது. வேலை செய்கிறதா என்று சரிபார்க்க, அதே பக்கத்தில் `Network usage` இருக்கிறது. காலுக்கு முன்னும் பின்னும் அம்மா போனில் `Calls` வரியில் அனுப்பிய அளவு எவ்வளவு என்று பாருங்கள். எங்களுக்கு ஒரே நீளப் பேச்சுக்கு அது ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது.

எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான். இந்த அமைப்பு தேவைப்படுவது பலவீனமான சிக்னலில் இருக்கும் வயதானவருக்கு. அதைப் போடத் தெரிந்தவன் கிட்டத்தட்ட மூவாயிரம் கிலோமீட்டர் தள்ளி இருக்கிறான். பக்கத்து வீட்டுக் கல்லூரிப் பிள்ளை வந்து, நான் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல அழுத்த வேண்டியிருந்தது. எந்தக் கால் ஆப்பாக இருந்தாலும், "உங்கள் பக்கத்து அப்லோடு மோசம், தரத்தைக் குறைக்கட்டுமா?" என்று தமிழில் ஒரு வரி கேட்டால் போதும், அம்மாவே ஆம் என்று அழுத்திவிடுவார். வெறுமனே `Reconnecting` என்று சொல்வதால் யாருக்கு என்ன பயன்?

இரண்டாவது கோளாறு, போன் தானாக மேலேற்றும் படங்கள். புதுப்போன் போலத் தொடங்கியபோது கூகுள் ஃபோட்டோஸ் பேக்கப், போன் டேட்டா உட்பட, எல்லாம் திறந்து கிடந்தது. பேரன் பிறந்தநாள் வீடியோக்கள் வரிசையில் நிற்க, அவற்றுக்குப் பின்னால் அம்மாவின் குரல். ஒற்றையடிப் பாதையில் வைக்கோல் வண்டி முன்னால் போனால் பின்னால் வருகிறவர் நிலைமைதான். இதற்குத் தனி அடையாளம் உண்டு: படம் ஓரளவு ஓடும், ஆனால் நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில் மூன்று நான்கு நொடி கழித்து வரும், இருவர் பேச்சும் மோதிக்கொள்ளும். சிக்னல் கோளாறு என்றால் இப்படி ஒரே சீராகத் தாமதம் வராது, அறுந்து அறுந்து வரும். ஃபோட்டோஸ் அமைப்பில் பேக்கப்புக்குப் போன் டேட்டாவை மூடிவிட்டோம். வாட்ஸ்அப்பில் `Media auto-download` கீழே போன் டேட்டாவுக்கு எல்லா டிக்கையும் எடுத்துவிட்டோம். தாமதம் அன்றே போனது.

மூன்றாவது 5ஜி. ஊருக்குள் 5ஜி எட்டியும் எட்டாமலும் வருகிறது. பேசிக்கொண்டிருக்கும்போது மேலே உள்ள குறி 4ஜி, 5ஜி என்று மாறி மாறி வந்தால், போன் இரண்டுக்கும் நடுவே தாவிக்கொண்டிருக்கிறது என்று பொருள். எங்கள் வீட்டில் ஒவ்வொரு தாவலுக்கும் பேச்சு ஒரு கணம் அறுந்தது. போன் அமைப்பில் `Preferred network type` என்ற இடத்தில் 4ஜி வரை மட்டும் என்று வைத்தோம், நின்றது. ஊரில் 5ஜி முழுமையாக வந்தால் திருப்பி மாற்றிக்கொள்ளலாம். இரண்டு சிம் போட்ட போன் என்றால் இன்னொன்று: சாதாரணப் போன்களில் மற்ற சிம்மில் அழைப்பு வந்து பேச ஆரம்பித்தால் டேட்டா சிம் நின்றுவிடும். அதை எந்த அமைப்பாலும் நாங்கள் சரிசெய்யவில்லை. பேசும் நேரத்தில் அந்தச் சிம்மை அணைத்து வைப்பதோடு சரி.

அமைப்புகளைவிடப் பெரிய மாற்றம் தந்தது உட்காரும் இடம். போனில் `About phone` உள்ளே சிம் நிலையைப் பார்த்தால் சிக்னல் dBm கணக்கில் இருக்கும். எண் பூஜ்யத்தை நெருங்க நெருங்க நல்லது. எங்கள் வீட்டின் உள்கட்டில் அது -118. திண்ணையில் -103. பார்க்கச் சின்ன வித்தியாசம், ஆனால் இந்தக் கணக்கில் பத்து எண் என்றால் பத்து மடங்கு. பதினைந்து என்றால் முப்பது மடங்குக்கும் மேல். -100க்கு இந்தப் பக்கம் இருந்தால் நிம்மதி, -110ஐத் தாண்டினால் உடையத் தொடங்கும், -120 பக்கம் போனால் வீடியோவை மறந்துவிடுங்கள். அம்மா இப்போது திண்ணையில், போனை ஒரு ஸ்டாண்டில் சாய்த்து வைத்துப் பேசுகிறார். போன் அசையாமல் இருப்பதால் அனுப்ப வேண்டிய மாற்றமும் குறைவு. கையில் பிடித்துக்கொண்டு கொல்லைக்கு நடந்தபடி முருங்கை மரத்தைக் காட்டினால் அத்தனை இலையையும் புதிதாக அனுப்ப வேண்டும். இருட்டும் கெடுதல். மங்கலான வெளிச்சத்தில் கேமரா பொரிப்பொரியாக எடுக்கும் படம் வீணாக டேட்டாவைத் தின்னும். நேரத்தையும் மாற்றினோம். ஊரில் இரவு எட்டு மணிக்கு எல்லோரும் போனோடு இருப்பார்கள், டவருக்கு மூச்சு முட்டும். இப்போது ஊர் நேரம் காலை ஆறரை, எனக்கு ஒன்பது. காலை வெளிச்சமும் கூடவே கிடைக்கிறது.

இத்தனைக்கும் பிறகு கால் நிற்கிறது. அரை மணி நேரம் பேசினாலும் அறுவதில்லை. அமைப்புகளைக் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை, சொன்னதைச் செய்கின்றன.

ஆனாலும் யாராவது இது நல்ல ஏற்பாடா என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வேன். அம்மாவுக்குக் கண்புரை அறுவை சிகிச்சை முடிந்த வாரம், "கண்ணு சிவந்திருக்கா பாரு" என்று போனுக்கு அருகில் வந்து காட்டினார். எனக்குத் தெரிந்தது ஒரு பழுப்புத் திட்டு. உடையாமல், ஒழுங்காக, தெளிவில்லாமல் வந்துகொண்டிருந்தது அம்மாவின் கண். போனை வைத்துவிட்டு, புகைப்படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். அது வந்து சேர நேரமானது, ஆனால் முழுதாக வந்தது, சிவப்பு இல்லை என்று பார்த்துக்கொண்டேன். புகைப்படத்தில் தொலைந்த துண்டைப் போன் திரும்பத் திரும்பக் கேட்டு வாங்கிக்கொள்ளும். நேரலையில் பிந்தி வந்த துண்டு குப்பைதான், காத்திருக்க நேரமில்லை. அதனால் கண், காயம், மாத்திரை அட்டை, கரண்ட் பில் எதுவானாலும் இப்போது எங்கள் வீட்டில் புகைப்படம்தான். வீடியோ கால் முகம் பார்த்துப் பேச மட்டும்.

ஃபைபர் எங்கள் தெருவுக்கு வரும் நாளில் இந்த அமைப்புகள் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் எடுத்துவிடுவேன். அதுவரை, உங்கள் வீட்டிலும் யாராவது போனை ரிப்பேருக்குக் கொடுப்பதாக இருந்தால், அதற்கு முன் இந்தப் பக்கங்களை எல்லாம் ஸ்கிரீன்ஷாட் எடுத்து உங்களுக்கு அனுப்பி வைக்கச் சொல்லுங்கள்.