பத்து லட்சம் கட்டினால் இருபது லட்சம் என்று சொல்லப்படும் பாலிசியில் கையெழுத்திடும் முன்

முதிர்ந்துவிட்ட நிரந்தர வைப்பைப் புதுப்பிப்பதற்காகத் தனியார் வங்கி ஒன்றின் கிளைக்குச் சென்ற என் அக்காவிடம், அங்கிருந்த அதிகாரி, "மேடம், வருடத்துக்கு ஒரு லட்சம் வீதம் பத்து வருடம் கட்டினால் போதும், இருபதாவது வருட முடிவில் இருபது லட்சம் உறுதியாகக் கிடைக்கும், பணம் அப்படியே இரட்டிப்பாகிறது" என்று கூறி, வைப்புத் தொகையை ஒரு ஆயுள் காப்பீட்டு பாலிசியின் முதல் பிரீமியமாக மாற்றிவிட்டார். அவர் சொன்ன தொகைகள் எல்லாம் பாலிசிப் பத்திரத்திலும் இருக்கின்றன. ஆனாலும் இதை ஏமாற்று என்றே சொல்வேன். வெவ்வேறு ஆண்டுகளின் ரூபாயை ஒரே ரூபாயாகக் காட்டித்தான் இந்த "இரட்டிப்பு" விற்கப்பட்டது.

இன்று கையில் உள்ள 100 ரூபாயை 7 சதவீத வட்டிக்குப் போட்டால் அடுத்த ஆண்டு அது 107 ரூபாயாகும். ஆகவே, அடுத்த ஆண்டு தருவதாகச் சொல்லப்படும் 107 ரூபாயின் இன்றைய மதிப்பு 100 ரூபாய்தான். இந்தக் கணக்கை ஆண்டுக்கு ஆண்டு பின்னோக்கி நகர்த்திக்கொண்டே வந்தால், எவ்வளவு தொலைவில் உள்ள தொகையையும் இன்றைய மதிப்புக்குக் கொண்டுவரலாம். மனக்கணக்காகச் செய்ய, 72-ஐ வட்டி விகிதத்தால் வகுத்தால் பணம் இரட்டிப்பாகும் ஆண்டுகள் ஏறத்தாழக் கிடைக்கும். 7 சதவீதத்தில் அது பத்து ஆண்டுகளுக்குச் சற்று மேல். அப்படியானால் இருபது ஆண்டுகள் கழித்து வரும் 20 லட்சம், பத்து ஆண்டுகள் பின்னால் வரும்போது 10 லட்சமாகவும், இன்றைக்கு வரும்போது 5 லட்சமாகவும் சுருங்குகிறது. துல்லியமாகக் கணக்கிட்டால் சுமார் 5.17 லட்சம்.

கட்டப்போகும் தொகையையும் இதே முறையில்தான் பார்க்க வேண்டும். முதல் பிரீமியம் இன்றே போவதால் அது முழு ஒரு லட்சம். கடைசிப் பிரீமியம் ஒன்பது ஆண்டுகள் கழித்துப் போவதால் இன்றைய மதிப்பில் சுமார் 54 ஆயிரம். பத்தையும் கூட்டினால் 7.5 லட்சம் வருகிறது. அதாவது, இன்றைய மதிப்பில் ஏழரை லட்சத்தைக் கொடுத்து ஐந்து லட்சத்துக்குச் சற்று அதிகமானதை வாங்கச் சொல்லியிருக்கிறார்கள்.

"வட்டிக்கு வரி உண்டு, இதற்கு இல்லையே" என்று அந்த அதிகாரி சொன்னது நிரந்தர வைப்பைப் பொறுத்தவரை உண்மைதான். ஆனால் பிபிஎஃப் எனப்படும் பொது வருங்கால வைப்பு நிதியின் வட்டிக்கும் வரி கிடையாது; 2020 ஏப்ரலில் அதன் வட்டி 7.1 சதவீதமாக நிர்ணயிக்கப்பட்டது. அரசு இந்த விகிதத்தை மாற்றக்கூடும் என்பதால் நான் 7 சதவீதத்தை வைத்தே பார்த்தேன். அதே ஒரு லட்சத்தைப் பத்து ஆண்டுகள் போட்டுவிட்டு இருபதாவது ஆண்டு முடிவு வரை விட்டுவைத்தால் 29 லட்சம் ஆகிறது. பாலிசியில் பத்து லட்சத்துக்கு ஆயுள் காப்பு இருப்பதையும் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் காப்பை மட்டும் தரும் டேர்ம் பாலிசியைத் தனியாக வாங்கலாம், அதற்கான பிரீமியத்தைக் கேட்டறிந்து இந்த வித்தியாசத்தோடு ஒப்பிடுங்கள்.

உங்களிடம் நீட்டப்படும் திட்டம் உண்மையில் எத்தனை சதவீதம் தருகிறது என்பதை எக்செல்லில் ஒரு நிமிடத்தில் பார்த்துவிடலாம். A1 முதல் A10 வரை -100000, A11 முதல் A20 வரை 0, A21-இல் 2000000 என்று நிரப்பிவிட்டு வேறொரு கட்டத்தில் இதை எழுதுங்கள்:

```
=IRR(A1:A21)
```

அக்காவின் பாலிசிக்கு வந்த விடை ஏறத்தாழ 4.5 சதவீதம். கட்டும் தொகைக்குக் கழித்தல் குறி அவசியம். பணம் வராத ஆண்டுகளில் 0 போடாமல் வெற்றாக விட்டால் எக்செல் அந்த ஆண்டுகளையே விட்டுவிட்டு, விகிதத்தைக் கூட்டிக் காட்டும்.

பத்திரம் கைக்கு வந்த 30 நாட்களுக்குள் காரணம் கேட்காமல் பாலிசியைத் திருப்பிக் கொடுக்க, காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2024-ஆம் ஆண்டு விதிகள் இடம் தருகின்றன. சிறு பிடித்தங்கள் போக மீதிப் பணம் வந்துவிடும். அக்கா என்னிடம் பத்திரத்தைக் காட்டியது இரண்டாம் பிரீமியத்துக்கான குறுஞ்செய்தி வந்த பிறகு. வங்கியில் முறையிட்டபோது, கையெழுத்து இருக்கிறது என்றும், இப்போது நிறுத்தினால் கட்டிய லட்சம் வீணாகும் என்றும் பதில் வந்தது. அந்த லட்சத்தை முழுவதும் போனதாகவே வைத்துக்கொண்டு, இனிக் கட்டவேண்டிய ஒன்பது லட்சத்தை மட்டும் கணக்கிட்டோம். பாலிசியில் தொடர்ந்தால் பத்தொன்பது ஆண்டுகளில் 20 லட்சம். 7 சதவீதத்தில் வேறிடத்தில் சேர்த்தால் 25 லட்சத்துக்கு மேல். அக்கா இரண்டாம் பிரீமியத்தைக் கட்டவில்லை.