மாங்கொட்டையா, குடல் செருகலா?

எட்டு மாத லாப்ரடார் ஒன்று காலையில் நன்றாக ஓடியாடி, மாலைக்குள் தண்ணீர் குடித்தாலும் வாந்தி எடுத்தால் அது விழுங்கிய மாங்கொட்டை குடலை அடைத்திருக்கும் என்றுதான் எனக்கு முதலில் தோன்றும். அடைப்பு இரைப்பையை ஒட்டி மேலே இருந்தால் வாந்தி அடிக்கடி வரும், நிறைய வரும்.

குடலின் ஒரு பகுதி அடுத்த பகுதிக்குள் நுழைந்துகொள்வதுதான் குடல் செருகல். அது இப்படித் திடீரென்று வருவது குறைவு. வாந்தியும் கழிச்சலும் தரும் பார்வோ வைரஸிலோ குடல்புழுவிலோ அடிபட்டுத் தேறிவரும் குட்டியிடம்தான் அதிகம் பார்க்கிறேன். சென்ற முறை வந்தது நான்கு மாதக் குட்டி. பார்வோ வாந்தி நின்று இரண்டு நாள் சாப்பிட்டது. அப்புறம் மறுபடி வாந்தி. மலம் ஒரு ஸ்பூன் அளவு, ரத்தமும் சளியுமாக. வயிற்றைத் தடவினால் விரல் தடிமனில் ஒரு உருளை நழுவியது. 'பார்வோ திரும்பிவிட்டது' என்று மருந்தை நீட்டியிருந்தால் குடல் அழுகியிருக்கும்.

மாங்கொட்டை எக்ஸ்ரேயில் தெளிவாகத் தெரியாமல் போகலாம். அடைப்புக்கு முன்னால் காற்றால் உப்பிய குடலைத்தான் தேட வேண்டும். செருகலுக்கு அல்ட்ராசவுண்ட்தான்: குறுக்காகப் பார்த்தால் வெங்காயத்தை வெட்டியதுபோல் வளையத்துக்குள் வளையம்.

இரண்டிலும் முதலில் டிரிப் ஏற்றி, பொட்டாசியத்தைச் சரிசெய்ய வேண்டும். அதற்குச் சில மணி நேரம் போதும், அன்றே அறுவை. கொட்டை இரைப்பையிலேயே இருந்தால் எண்டோஸ்கோப்பில் எடுக்கப் பார்க்கலாம். செருகல் அபூர்வமாகத் தானே விலகும். அதனால் கத்தி வைக்கும் முன் மறுபடி ஸ்கேன் செய்வேன். அந்தக் குட்டிக்கு விலகவில்லை, கறுத்த பகுதியை வெட்டித் தைத்தோம்.