அறைப் படம்: 0.5x லென்ஸா, 1x லென்ஸா?

வீட்டு விளம்பரத்துக்காக 10க்கு 12 அடி படுக்கையறையை வாசலில் நின்று போனில் படமெடுக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். 0.5x-இல் மூன்று சுவர்களும் ஒரே படத்தில் வந்துவிடும். ஆனால் எதிர்ச்சுவர், 1x படத்தில் தெரிவதில் பாதி அளவுக்குச் சுருங்கிவிடுவதால், இரண்டு மடங்கு தள்ளி இருப்பதுபோல் தோன்றும். படத்தின் ஓரத்தில் வட்ட விளக்கு நீள்வட்டமாக இழுபட்டிருந்தால், அது 0.5x என்ற அகல லென்ஸின் வேலை.

1x-இல் பெரும்பாலும் இரண்டு சுவர்கள்தான் தெரியும். ஆனால் கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவே உள்ள இடைவெளி, நேரில் பார்ப்பதற்கு நெருக்கமாகவே தெரியும். நான் 1x-ஐத்தான் சொல்வேன். எதிரெதிர் மூலைகளிலிருந்து இரண்டு படம் எடுத்து, நீள அகலத்தைக் கீழே எழுதினால் போதும். குளியலறையில் பின்னால் நகர இடமே இல்லையென்றால், சரி, 0.5x எடுக்கலாம், அதையும் குறிப்பிட வேண்டும்.

பால்கனிப் படம் பார்ப்பவரை வேறு வழியில் ஏமாற்றும். 3x-இல் தூரத்துப் பூங்கா மரங்கள் மூன்று மடங்கு பெரிதாகும், பக்கத்துக் கட்டடச் சுவர் படத்துக்கு வெளியே போய்விடும். 1x-இல், கைப்பிடிக் கம்பியும் அந்தச் சுவரும் தெரிகிற மாதிரி எடுங்கள்.