படத்தில் உள்ள காலுக்குக் கொலுசு: தட்டையாக எடுத்ததை வளைப்பதா, உருளையில் மாட்டி எடுப்பதா, முப்பரிமாணமா?

கால் படம் ஒன்று கையில் இருக்கிறது, அதில் கொலுசு இல்லை, போட்டுக் காட்ட வேண்டும். இதற்கு மூன்று வழிகள் உண்டு. மேசையில் நீட்டி வைத்து எடுத்த கொலுசுப் படத்தை ஃபோட்டோஷாப்பில் வளைக்கலாம். அதே கொலுசை ஒரு உருளையில் மாட்டி, காலை எடுத்த அதே கோணத்தில் புதிதாக எடுத்து ஒட்டலாம். இல்லையென்றால் பிளெண்டரில் கொலுசையே முப்பரிமாணத்தில் உருவாக்கலாம். கொலுசு கையில் இருந்தால் நான் யோசிக்காமல் இரண்டாவது வழிக்குப் போவேன். ஏன் என்று சொல்கிறேன்.

மூன்றுக்கும் பொதுவான கணக்கு ஒன்று இருக்கிறது. காலைச் சுற்றிய கொலுசு ஒரு வட்டம், கேமராவுக்கு அது நீள்வட்டமாகத் தெரியும். கேமரா எத்தனை டிகிரி மேலிருந்து பார்க்கிறதோ, அந்தக் கோணத்தின் சைன் மதிப்புதான் நீள்வட்டத்தின் உயரத்துக்கும் அகலத்துக்கும் உள்ள விகிதம். ஒரு உதாரணம்: நின்றிருக்கும் காலை நேர் முன்னாலிருந்து, 30 டிகிரி மேலிருந்து எடுத்திருக்கிறார்கள், கணுக்கால் 600 பிக்சல் அகலம், கொஞ்சம் தளர்வான கொலுசு என்பதால் அதற்கு 640 பிக்சல் வைத்துக்கொள்வோம். 30 டிகிரிக்கு சைன் 0.5, ஆக முழு நீள்வட்டத்தின் உயரம் 320. கண்ணுக்குத் தெரியும் முன்பாதி, இரண்டு ஓரங்களைவிட நடுவில் 160 பிக்சல் கீழே இறங்க வேண்டும். ஆனால் தளர்வான கொலுசு கிடைமட்டமாக நிற்காது, முன்பக்கம் சரிந்து புறங்காலில் படுத்துவிடும். அந்தச் சரிவு 10 டிகிரி என்றால் கணக்கில் வருவது 40 டிகிரி, இறக்கமும் 205 பிக்சல் அளவுக்குப் போய்விடும். ஒட்டிய படங்களில் கொலுசு காலைச் சுற்றாமல் காலின் முன்னால் தொங்குவது போலத் தெரிவதற்குப் பெரும்பாலும் இந்த இறக்கம் போதாததுதான் காரணம்.

சரி, முதல் வழி. நீளமாகக் கிடக்கும் கொலுசை வெட்டி எடுத்து Warp அல்லது Puppet Warp கொண்டு அந்த வளைவுக்குக் கொண்டுவருவது சுலபம். சிக்கல் ஓரங்களில் வரும். உருளையில் சுற்றிய பட்டையின் கண்ணிகள் நடுவில் முழு அகலமாகவும் ஓரம் போகப் போக ஒடுங்கியும் தெரிய வேண்டும். நம் உதாரணத்தில் நடுக்கண்ணி 20 பிக்சல் என்றால், நடுவிலிருந்து 277 பிக்சல் தள்ளி, அதாவது 60 டிகிரி திரும்பிய இடத்தில், அது 10 பிக்சலாகச் சுருங்கியிருக்க வேண்டும். வெறுமனே வளைத்தால் எல்லாக் கண்ணியும் ஒரே அகலத்தில் நிற்கும், எத்தனை அழகாக நிழல் போட்டாலும் ஸ்டிக்கர் ஒட்டியது போலவே இருக்கும். ஆகவே வளைப்பதற்கு முன்னால் இரு ஓரங்களையும் உள்நோக்கி நெருக்க வேண்டும். அப்புறம் பட்டையின் மேல்விளிம்பு: மேலிருந்து பார்க்கும்போது அதன் தடிமன் தெரியும், தட்டையாக எடுத்த படத்தில் அது இருக்காது, வரைந்துதான் சேர்க்க வேண்டும். மெல்லிய சங்கிலிக் கொலுசுக்கு இதெல்லாம் பெரிதாகத் தெரியாது, அதற்கு இந்த வழியே போதும். அகலப் பட்டைக்கு வேண்டாம்.

சலங்கை மணிகள் இன்னொரு தொல்லை. பட்டை வளையலாம், மணி வளையக் கூடாது. அது பூமியைப் பார்த்து நேராகத் தொங்கும், அல்லது தோலில் சாய்ந்து கிடக்கும். பட்டையோடு சேர்த்து Warp செய்தால் மணிகள் வளைவுக்குச் செங்குத்தாக விசிறி போல விரிந்துவிடும். மணிகளைத் தனி லேயரில் பிரித்து, ஒவ்வொன்றையும் நேராக நிறுத்தி வைப்பதைத் தவிர வேறு வழி இல்லை. பிளெண்டரிலும் Array, Curve இரண்டையும் போட்டுப் பட்டையைச் சுற்றினால் மணிகளுக்கு இதே கதிதான், அங்கேயும் அவற்றைத் தனிப் பொருளாக வைக்க வேண்டும்.

இனி உருளை. ஒரு அட்டை உருளையைக் கணுக்கால் அளவுக்குச் செய்து, லேசாக அழுத்தி நீள்வட்டமாக்கி, கணுவின் எலும்பு மேடு வரும் இடங்களில் களிமண் உருண்டையை அப்பி, மேலே பளபளப்பில்லாத தாளைச் சுற்றுங்கள். இரண்டு பக்கமும் மேடு ஒரே உயரத்தில் இருக்காது, உள்பக்க எலும்பு சற்று மேலே, வெளிப்பக்க எலும்பு சற்றுக் கீழே. புறங்கால் போலச் சரிய முன்னால் ஒரு அட்டைச் சாய்வும் வேண்டும். தாள் அந்தக் காலின் தோல் நிறத்தை ஒட்டியதாக இருக்கட்டும், இதுதான் முழு வேலையின் உயிர். வெள்ளி கண்ணாடி மாதிரி, சுற்றியிருப்பதை அப்படியே காட்டும். வெள்ளைப் பின்னணியில் எடுத்த கொலுசின் உள்விளிம்பில் வெள்ளைதான் தெரியும், தோலில் கிடக்கும் கொலுசிலோ அந்த இடம் தோலின் வெதுவெதுப்பான நிறத்தில் இருக்க வேண்டும். உருளையில் எடுத்தால் அது தானாகவே வந்துவிடுகிறது, ஓரத்துக் கண்ணிகளின் ஒடுக்கமும், மேல்விளிம்பும், மணிகளின் தொங்கலும்கூட. கேமராவின் உயரக் கோணம், வெளிச்சம் வரும் திசை, பொருளுக்கும் கேமராவுக்கும் உள்ள தூரம் மூன்றும் கால் படத்தோடு ஒத்திருக்க வேண்டும். லென்ஸ் வேறாக இருந்தால் பரவாயில்லை, தூரம் மாறினால்தான் வளைவு மாறும்.

நிழலை இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். வெள்ளி தோலைத் தொடும் இடத்தில் மெல்லிய, அடர்ந்த கோடு, அது உலோக விளிம்பிலிருந்தே தொடங்கும். தொடாத இடத்தில் விளிம்புக்கும் நிழலுக்கும் நடுவே வெளிச்சம் பட்ட தோல் கொஞ்சம் தெரியும், நிழலும் மங்கலாக இருக்கும். கொலுசு எங்கெல்லாம் தொடாது? குதிகால் தசைநாணுக்கும் எலும்பு மேட்டுக்கும் நடுவில் ஒரு பள்ளம் உண்டு, பட்டை அதற்குள் இறங்காமல் பாலம் போலக் கடந்து போகும். பக்கவாட்டுப் படங்களில் பலர் அங்கேயும் ஒட்டிய நிழலைப் போட்டுவிடுகிறார்கள், உடனே கொலுசு தோலில் வரைந்தது போல ஆகிவிடுகிறது. நிழல் லேயர் Multiply-இல் இருக்கட்டும், நிறம் கறுப்பு வேண்டாம். அதே படத்தில் விரல் இடுக்கில் இருக்கும் சிவப்பு கலந்த பழுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். நிழலைக் கண்ணிகளின் இடுக்கில் உள்ள கறுப்பைவிட அடர்த்தியாக்க வேண்டாம். இறுக்கமான கொலுசு என்றால் மட்டும், சதை உள்ள இடத்தில் Liquify கொண்டு பட்டையின் ஓரத்தில் தோலை இரண்டு மூன்று பிக்சல் மேலே தள்ளலாம். எலும்பு மேட்டில் அது கூடாது, அங்கே அமுங்கச் சதை இல்லை.

பிளெண்டர் எப்போது? ஒரே கொலுசைப் பல கால்களில், பல கோணங்களில் காட்ட வேண்டியிருந்தால், அல்லது கொலுசு இன்னும் செய்யப்படாமல் வடிவமாக மட்டும் இருந்தால். காலின் தோராயமான வடிவம் ஒன்றைச் செய்து அதற்கு Shadow Catcher போட்டு, Film பகுதியில் Transparent-ஐ இயக்கினால் கொலுசும் நிழலும் மட்டும் தனியாக வரும். ஆனால் அந்த வடிவம் தன் நிறத்தை வெள்ளிக்குத் தருகிறதா என்று பாருங்கள். Shadow Catcher ஆக்கிய பிறகு வெள்ளியின் அடிப்பக்கம் சாம்பலாகவோ வானம் போலவோ தெரிந்தால், அதே வடிவத்தை இயல்பான தோல் நிறப் பொருளாக வைத்து இன்னொரு முறை ரெண்டர் எடுத்து, கொலுசை அதிலிருந்தும் நிழலை முதல் ரெண்டரிலிருந்தும் சேர்க்க வேண்டியிருக்கும். அப்புறம் மிகச் சுத்தமாக வரும் வெள்ளியை, படத்தின் நாய்ஸுக்கும் மங்கலுக்கும் ஏற்றபடி கெடுக்கவும் வேண்டும். ஒரே ஒரு படத்துக்கு இவ்வளவு பாடு எதற்கு?