விலை கேட்டால்: கமென்ட்டிலா, இன்பாக்ஸிலா?

சேலை விளம்பரத்தின் கீழே "விலை?" என்று கேட்டால் "இன்பாக்ஸ் பாருங்க" என்பதே வழக்கமான பதில். அப்படி அனுப்பும் செய்தி பல நேரம் மெசேஜ் கோரிக்கைப் பெட்டியில் கிடக்கும், பலர் திறப்பதில்லை. ஆளுக்கொரு விலையோ என்ற சந்தேகமும் வரும். கமென்ட்டிலேயே "1,450 ரூபாய், கூரியர் 80, பிளவுஸ் துணி உண்டு" என்றால் அடுத்தவரும் கேட்க வேண்டியதில்லை. அளவெடுத்துத் தைக்கும் பிளவுஸுக்கு மட்டும் இன்பாக்ஸ் சரி.

"சாயம் போகுது, ஏமாத்து வேலை" என்ற புகாருக்கு இரண்டும் வேண்டும். அழித்தால் ஸ்கிரீன்ஷாட்டாகத் திரும்பி வரும். "முதல் துவைப்பில் அப்படித்தான்" என்று வாதாடினால், வாங்க நினைத்து வேடிக்கை பார்ப்பவர்களும் நழுவுவார்கள். "சாயம் போனதற்கு வருந்துகிறோம். ஆர்டர் எண்ணும் சேலைப் படமும் இன்பாக்ஸில் அனுப்புங்க, இன்று மாலைக்குள் பதில் சொல்கிறோம்" என்று பொதுவில் ஒருமுறை எழுதினால் போதும். முகவரி, போன் எண், பணம் திருப்பும் பேச்செல்லாம் உள்ளே. தீர்ந்ததும் அதே கமென்ட்டின் கீழ் "மாற்றுச் சேலை அனுப்பிவிட்டோம்" என்று சேர்க்கலாம். பலரும் இதை விட்டுவிடுகிறார்கள்.