ஒரே இடத்தில் 9 விபத்து, ஆனாலும் சிவப்பு இல்லை: ஹாட் ஸ்பாட் அனாலிசிஸ் பயன்பாட்டு அனுபவம்

சாலை விபத்துத் தரவுகளுக்கு ஆர்க்ஜிஐஎஸ் ப்ரோ என்ற வரைபட மென்பொருளின் ஹாட் ஸ்பாட் அனாலிசிஸ் கருவியைச் சில ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். ஹீட் மேப், புள்ளிகள் நெருக்கமாக இருந்தாலே சிவப்பாகிவிடும். இந்தக் கருவி அப்படியில்லை. அந்த நெருக்கம் தற்செயலாக வந்திருக்கலாமா என்று கெட்டிஸ்-ஆர்ட் Gi* கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகுதான் நிறம் கொடுக்கும். அதனால்தான் எனக்கு இதன்மேல் மதிப்பு.

ஆனால் Gi* எந்த இடத்தையும் தனியாக எடைபோடாது, அக்கம்பக்கத்தையும் சேர்த்துக் கூட்டும். ஓர் உதாரணம் போட்டுப் பார்க்கலாம். 50 கி.மீ. நெடுஞ்சாலையை 500 மீட்டர் வீதம் 100 துண்டாக்குகிறோம். மொத்தம் 100 விபத்துகள், அதாவது சராசரி 1. திட்ட விலக்கம் 1.5. ஒவ்வொரு துண்டுக்கும் முன்னே ஒன்று, பின்னே ஒன்று அண்டைத் துண்டு. ஒரு சந்திப்பில் 9 விபத்து, இருபுறமும் பூஜ்யம் என்றால் கூட்டுத்தொகை 9, அது தற்செயலிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று கருவி சொல்லும் `GiZScore` மதிப்பு சுமார் 2.33. இன்னோர் இடத்தில் வரிசையாக 4, 5, 4 என்றால் கூட்டுத்தொகை 13, மதிப்பு சுமார் 3.89.

முதலாவது 95% நம்பகத்தன்மையோடு நின்றுவிடுகிறது, இரண்டாவது 99%-ஐத் தாண்டுகிறது. நூறு துண்டுகளைச் சோதிக்கும்போது சிலது தற்செயலாகவே சிவப்பாகும். அதைக் களையும் FDR திருத்தத்தைப் போட்டால் 9 விபத்து நடந்த சந்திப்பு பெரும்பாலும் வரைபடத்திலிருந்தே காணாமல் போய்விடும். போடாவிட்டாலும் சிக்கல்தான்: விபத்தே நடக்காத பக்கத்துத் துண்டு, அதற்கு அடுத்ததும் பூஜ்யமாக இருந்தால், அதே 2.33-ஐ வாங்கிக்கொள்ளும்.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கரும்புள்ளி வரையறைப்படி, சுமார் 500 மீட்டருக்குள் 3 ஆண்டுகளில் உயிரிழப்போ கொடுங்காயமோ ஏற்பட்ட 5 விபத்துகள், அல்லது 10 உயிரிழப்புகள் இருந்தால் போதும். அந்தச் சந்திப்பின் 9 விபத்தில் ஐந்து இப்படிப்பட்டவையாக இருந்தாலே இந்தக் கணக்கில் சிக்கிவிடும். அதனால் நான் இரண்டு பட்டியலையும் பக்கத்தில் வைத்தே பார்ப்பேன். தனிச் சந்திப்பின் கோளாறுக்குக் கரும்புள்ளிப் பட்டியல், நீளமான சாலைப் பகுதியின் கோளாறுக்கு Gi*.

அப்புறம், விபத்து நடந்த புள்ளிகளை மட்டும் கொடுத்து ஓட்டாதீர்கள். பூஜ்யத் துண்டுகள் இல்லாவிட்டால் சராசரி ஏறிவிடும், உண்மையான கொத்துகள் சாதாரணமாகத் தெரியும். தூரத்தையும் நேர்கோட்டில் அளக்கக் கூடாது. மேம்பாலமும் அதன் கீழுள்ள சர்வீஸ் ரோடும் அண்டை வீடாகிவிடும். எந்தத் துண்டுக்கு எது அண்டை என்று சொல்லும் எடைக்கோப்பைச் சாலை வழித் தூரத்தில் தயாரித்துக் கொடுப்பதுதான் சரி.

சிவப்பு வந்ததும் முதலில் புள்ளிகளின் அட்சரேகை, தீர்க்கரேகையைத் திறந்து பாருங்கள். பல விபத்துகளுக்கு ஆறு தசம இடம் வரை ஒரே எண் இருந்தால், பதிவு செய்தவர் களத்தில் இல்லாமல் வேறெங்கோ இருந்து இடத்தைக் குறித்திருக்க வாய்ப்புண்டு. அந்தப் புள்ளிகளை முதல் தகவல் அறிக்கையிலுள்ள கிலோமீட்டர் கல் எண்ணை வைத்துத் திருத்திய பிறகே மறுபடி ஓட்டுவேன்.